நிலைக்கால் வளைந்த படம்

கல்லல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள காளீஸ்வரி அக்காவுக்கு,

வள்ளிக்கண்ணு எழுதுகிறேன். அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. அப்பா நெற்குப்பை வீட்டுத் தச்சு வேலைக்குத் தினமும் போய்வருகிறார். பெரியம்மா நேற்று வந்து தன் மகள் உன்னைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். உன் விடுதிச் சோறு இப்போதாவது வாயில் வைக்கும்படி இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்களுக்குப் போன் தருகிறார்கள். அதிலும் நான் 'ம்' சொல்லி முடிப்பதற்குள் உன் முறை முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எனக்குக் கடிதம்தான் தோது.

அக்கா, படம் வந்துவிட்டது! பொங்கல் லீவில் நீ என்னை நெற்குப்பை வீட்டு வாசலில் நிறுத்தி, காரைக்குடி ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுக்க வைத்தாயே, அந்தப் படம். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? போட்டோ என்றாலே தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறவள், அன்று அப்பா சாரத்தின் மேலிருந்து, "ஆத்தா, அந்தக் கதவை விட நீ விறைப்பா நிக்கிறியே"ன்னு சொன்னதும் பல் தெரியச் சிரித்துவிட்டேன். அந்த நொடியில் கேமரா சத்தம் கேட்டது. கேமராவின் பின்பக்கத்தில் காட்டினார்கள். முதல் முறையாக எனக்கு என் முகம் பிடித்திருந்தது.

அம்மா கவரைப் பிரித்து, "ஏ புள்ள, யாருடி இது, சினிமாக்காரி கணக்கா!" என்று கத்தினார்கள். தெருவே வந்து பார்த்தது. எல்லாரும் அழகு அழகு என்றார்கள். நான் எட்டிப் பார்த்தேன். என் தாவணி, என் ஜிமிக்கி. ஆனால் அதில் இருப்பது நான் இல்லை. எனக்கு முன்பல்லில் சந்து உண்டே, அது இல்லை. கூடிய புருவம் இல்லை. மூக்கின் பக்கத்து மச்சம் இல்லை. கன்னம் வற்றிவிட்டது. மாவில் பிசைந்து வைத்தது போல் வெளுப்பு.

அப்பா மட்டும் என் முகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நிலை கோணியிருக்கே" என்றார். முகமெல்லாம் இருண்டுவிட்டது. அந்தக் கதவு நிலையைப் போன மாதம்தான் அவர் கழற்றி மாட்டினார்.

சின்னப் பிரதி ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. பரீட்சைக்கு நன்றாகப் படி, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தங்கை,
வள்ளிக்கண்ணு


திருச்சி
16 பிப்ரவரி 2025

செல்லத் தங்கை வள்ளிக்கு,

நான் சுகம். வார்டு பயிற்சி ஆரம்பித்துவிட்டது, கால் இரண்டும் என்னுடையதா என்று தெரியவில்லை. சித்திக்கு இருமல் மறுபடி வந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப் போ.

படம் பார்த்தேன். நன்றாகத்தானே இருக்கிறது. இப்போது எல்லா ஸ்டுடியோவிலும் இப்படித்தான் செய்கிறார்கள். நீ சும்மா எதையாவது நினைத்து மனசைப் போட்டுக் குழப்பாதே. சித்தி ஆசையாய் மாட்டியிருந்தால் அப்படியே சுவரில் இருக்கட்டும். நாளைக்கு உனக்கே பயன்படும்.

இங்கே பருவம் தப்பி ஒரே மழை. விடுதிச் சாம்பாரும் மழைத்தண்ணியும் ஒன்றுதான்.

அன்புடன்,
காளீஸ்வரி


கல்லல்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லாரும் சுகம். உன் காலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வை. நீதான் நர்ஸ், உனக்கு நான் சொல்கிறேன் பார்.

நடந்ததைக் கேள்!

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "முதலாளி கண்ணுல இந்தப் படம் பட்டா என் பொழப்பு போச்சு. நிலை கோணுனா வீடு கோணும்பாக" என்று முனகிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நெற்குப்பைக்குப் போனார். நிலையின் உச்சியிலிருந்து நூலில் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்திருக்கிறார். மூலைமட்டம் வைத்தும் பார்த்திருக்கிறார். கூட வேலை செய்கிற முத்துக்கண்ணன் மாமா, "யோவ் மச்சான், போட்டோவைப் பாத்துக் கதவைத் திருத்துற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன்" என்று சிரித்தாராம்.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டார்: "நிலை நேராத்தான் இருக்கு! படந்தான் கோணல்!" பிறகு முறுக்கு வாங்கித் தந்தார். அவருக்கு அதோடு கவலை தீர்ந்தது.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அப்பாவின் இரும்பு ஸ்கேலை எடுத்துப் படத்தில் நிலையின் பக்கத்து மரமான நிலைக்காலின் மேல் வைத்தேன். தலைக்கு மேலே நேர்கோடு. தோளுக்குக் கீழே நேர்கோடு. என் தாடைக்குப் பக்கத்தில் மட்டும் மரம் என் பக்கமாக வளைந்து வந்திருக்கிறது! இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. என் கன்னத்தைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள், அப்போது பக்கத்தில் இருந்த தேக்கு மரமும் சேர்ந்து வந்துவிட்டது!

ஆக நான் நினைத்தது வெறும் நினைப்பு இல்லை. ஸ்கேல் வைத்துக் காட்டலாம்.

ஸ்டுடியோவுக்குப் புகார் எழுதப் போகிறேன். ஆமாம், நான்தான். நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது.

வள்ளி


கல்லல்
28 பிப்ரவரி 2025

பெறுநர்: ஸ்டுடியோ உரிமையாளர் திரு. கருத்தையா அவர்கள், காரைக்குடி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் குடும்பத்தாரும் தொழிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் கல்லல் காளிதாஸ் ஆசாரி மகள் வள்ளிக்கண்ணு, வயது பதினேழு. பொங்கல் விடுமுறையில் நெற்குப்பை வீட்டு வாசலில் தாங்கள் என்னைப் படம் எடுத்தீர்கள். பெரிய பிரதியும் சின்னப் பிரதிகளும் வந்து சேர்ந்தன. அட்டை, சட்டம், அச்சு எதிலும் குறையில்லை. முகத்தில்தான் குறை. அது என்னுடையதாக இல்லை.

என் நிறம் மாநிறத்துக்கும் கீழே. படத்தில் முகம் மட்டும் வெளுத்திருக்கிறது. கழுத்தும் கைகளும் என் நிறத்திலேயே இருக்கின்றன. தாடைக்குக் கீழே கோடு போட்டது போல் நிறம் மாறுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, "அக்கா, பவுடர் கழுத்துக்குப் பத்தலையா?" என்று கேட்டான்.

முன்பல் சந்து அடைக்கப்பட்டிருக்கிறது. அதை அடைக்க ஒரு பல்லை அகலமாக்கியதால் அது மாட்டுப்பல் போல் இருக்கிறது. மச்சம் இல்லை. புருவங்களின் நடுவே முடி இல்லை. கன்னத்தில் தோலே இல்லை, மெழுகு இருக்கிறது.

இதெல்லாம் என் பிரமை என்று தாங்கள் சொல்லக்கூடும். ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். படத்தில் எனக்குப் பின்னால் இருக்கும் கதவு நிலையின் மேல் ஒரு ஸ்கேல் வையுங்கள். என் தாடை வரும் இடத்தில் இரண்டு பக்க நிலைக்காலும் உள்ளே வளைந்திருக்கும். அது என் அப்பா நிறுத்திய நிலை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாகிவிட்டது. அது வளையவில்லை.

இந்தப் படத்தைத் தங்கள் கடையின் கண்ணாடிப் பெட்டியில் பெரிதாக வைத்திருப்பதாக அம்மா சொன்னார்கள். அதை எடுத்துவிட வேண்டுகிறேன். கேமராவில் எடுத்தபடியே உள்ள அசலிலிருந்து எனக்கு ஒரு பிரதி வேண்டும். அன்று கேமராவில் பார்த்தபோது எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது. அதற்கு முன் எனக்கு அப்படி இருந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கா. வள்ளிக்கண்ணு


காரைக்குடி
12 மார்ச் 2025

அன்புள்ள வாடிக்கையாளருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இருபது வருடமாக இத்தொழிலில் இருக்கிறேன். 'இன்னும் கொஞ்சம் கலர் ஏத்துங்க' என்று சண்டை போட்டவர்கள் உண்டு. குறைத்துத் தரச் சொல்லி வந்த முதல் கடிதம் தங்களுடையது. கண்ணாடிப் பெட்டியில் அந்தப் படத்தைப் பார்த்து நான்கு கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது என்பதையும் தெரிவிக்கிறேன்.

எங்கள் கடையில் வாடிக்கையாளர் தரப்பு கேட்டுக்கொண்டபடியே டச்சிங் செய்யப்படும். பங்குனி முகூர்த்தங்கள் நெருங்குவதால் இடம் போதவில்லை. பொங்கல் வரை எடுத்த அசல் ஃபைல்களை ஏப்ரல் முதல் வாரத்தில் அழித்துவிடுவோம். தேவைப்பட்டால் அதற்குள் நேரில் வந்து கேட்டுக்கொள்ளவும். கடிதம் மூலமோ வேறு ஆள் மூலமோ அசல் தர இயலாது.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வளைந்துதான் இருக்கிறது.

நன்றியுடன்,
கருத்தையா


கல்லல்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

சுகமா? உன்னிடமிருந்து பதிலே இல்லை. பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறேன்.

பதில் வந்துவிட்டது! வளைந்திருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டார்! கடைசி வரியை அப்பாவிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். ஆனால் அசல் வேண்டுமென்றால் நேரில் போய்க் கேட்க வேண்டுமாம். ஏப்ரலில் அழித்துவிடுவார்களாம். நேரில்! கருத்தையா அண்ணன் முன்னால் நின்று நான் வாய் திறக்க வேண்டும்! பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அதனால்தானே பள்ளியையே விட்டேன்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கூட நிற்க முடியுமா? நீ பேசு, நான் பக்கத்தில் நிற்கிறேன். 'வாடிக்கையாளர் தரப்பு கேட்டுக்கொண்டபடி' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அம்மாவைக் கேட்டேன், தான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வள்ளி


காரைக்குடி
24 மார்ச் 2025

வள்ளிக்கண்ணுவுக்கு,

நலமா? என்னைத் தெரியாது. நான் ஜனனி, ஸ்டுடியோவில் எடிட்டிங் செய்கிறவள். உன் முகத்தை மாற்றியது நான்தான். அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அண்ணன் கடையில் சத்தமாக வாசித்தார். மாட்டுப்பல் என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. நீ சொன்னது அத்தனையும் சரி.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஹீலிங் பிரஷ்ஷால் பருவை எடுத்தேன், கையோடு மச்சத்தையும் எடுத்தேன். அடுத்து தோல். நிறத்தை ஒரு லேயராகவும், தோலின் ரேகை, துளைகளை இன்னொரு லேயராகவும் பிரித்துக்கொண்டு நிறத்தை மட்டும் மழுக்க வேண்டும். அப்போது தோல் தோலாகவே இருக்கும். அன்றைக்கு இரண்டு கல்யாண ஆல்பம் காத்திருந்தது. பிரிக்காமல் மொத்தமாக மழுக்கினேன், மெழுகாகிவிட்டது. பிறகு முகத்தை மட்டும் வெளுக்க வைத்தேன். கழுத்துக்கும் இறக்கியிருக்க வேண்டும், தாடையோடு நிறுத்திவிட்டேன். பல்லுக்குப் பக்கத்துப் பல்லிலிருந்தே எடுத்து ஒட்டினேன். கடைசியாக லிக்விஃபை, உருவத்தை இழுத்து வளைக்கிற கருவி. அதில் தாடையைத் தள்ளினால் அக்கம்பக்கமும் ரப்பர் மாதிரி சேர்ந்து வரும். கடைத் திரைக்கு முன்னால் எடுத்த படமென்றால் யாருக்கும் தெரியாது. கதவு, தூண், டைல்ஸ் இருந்தால் அவற்றை முதலில் நகராதபடி பிரஷ்ஷால் பூசிப் பூட்டிவிட்டுத்தான் தள்ள வேண்டும். நான் பூட்ட மறந்தேன்.

நானாக இவ்வளவு செய்வதில்லை. அன்று உன்னோடு வந்த அக்கா, மறுநாள் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "கன்னத்தைக் குறைங்க, கலரை ஏத்துங்க, பல்லை அடைச்சிருங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். உன் கடிதத்தைக் கேட்ட பிறகுதான் தெரியாது என்று புரிந்தது.

எடுத்தபடியே உள்ள உன் ரா ஃபைல் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. சீக்கிரம் வா. நீயே வந்து கேட்டால்தான் அண்ணன் தருவார். அவர் பார்க்கத்தான் முரடு.

ஜனனி


கல்லல்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பெரியம்மா நீ நன்றாகப் படிப்பதாகச் சொன்னார்கள்.

போய்விட்டு வந்தேன்! தனியாக! பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டு போனேன். கடைக்குள் நுழைந்ததும் எல்லாம் காற்றில் போய்விட்டது. கருத்தையா அண்ணன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "யாரும்மா, பாஸ்போர்ட் சைஸா?" என்றார். கண்ணாடிப் பெட்டியில் நான் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதன் பக்கத்திலேயே நிற்கிறேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை அக்கா!

அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தது. பையிலிருந்து அப்பாவின் ஸ்கேலை எடுத்துக் கண்ணாடியில் தட்டி, "இது நாந்தேன்" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அடி ஆத்தி, ஸ்கேல் புள்ளையா! நீ வாய் பேசவே மாட்டேன்னுல்ல சொன்னாக?"

"பேச மாட்டேன். இப்பப் பேசுறேன். என் அசலைக் குடுங்க."

அங்கே பொண்ணு மாப்பிள்ளையோடு ஆல்பம் பார்க்க வந்திருந்த ஓர் ஆச்சி, "குடுத்துத் தொலைங்க தம்பி, அந்தப் புள்ளை கையில இரும்பு வச்சிருக்கு" என்றார்கள். கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனனி அசலைத் திறந்தாள். பெரிய திரை முழுக்க என் முகம். கொஞ்சம் மங்கலாக, எந்த அலங்காரமும் இல்லாமல் இருந்தது. அசல் அப்படித்தான் இருக்குமாம். வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டும் சரிசெய்தாள், தாவணி நிறம் நிஜமாக வரும்வரை. பிறகு அம்புக்குறியை என் நெற்றியில் வைத்து, "இந்தப் பரு ஒரு வாரத்துல போயிருந்திருக்கும். இதை எடுக்கவா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். "பரு போகட்டும். மத்ததெல்லாம் என்னோடயே இருக்கும், விட்ருங்க" என்றேன்.

பல் சந்து, மச்சம், கன்னம், எல்லாம் இருக்கின்றன. நிலைக்கால் இரண்டும் அப்பா நிறுத்தியபடி நேராக நிற்கின்றன. கருத்தையா அண்ணன் பெட்டியில் இருந்ததை எடுத்துவிட்டு, "இந்தப் புதுசை வச்சுக்கிறட்டுமா?" என்று கேட்டார். "வச்சுக்கங்க" என்றேன். இப்போது நான்தான் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறேன். பிரதி ஒன்று உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஜனனி எப்படியெல்லாம் செய்தாள் என்று எனக்கு விவரமாக எழுதியிருந்தாள். நல்ல பெண்.

லீவுக்கு எப்போது வருகிறாய்?

வள்ளி


திருச்சி
14 ஏப்ரல் 2025

என் வள்ளிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. எல்லாரும் நலம்தானே. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜனனி விவரமாக எழுதினாள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான்தான் சொன்னேன். உன் முகம் பிடிக்காமல் இல்லை. போன ஆவணியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அதற்கு முன்னால் நான் அந்தக் கடையில்தான் படம் எடுத்தேன். நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். அந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்கள், வெள்ளைப் பணியாரத்தைத் தின்றுவிட்டு, "போட்டோல வேற மாதிரில்ல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதும் எனக்குப் படத்தின் மேல் கோபம் வரவில்லை. முகத்தின் மேல்தான் வந்தது. உனக்காவது முதலிலேயே எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கோணல் புத்தி.

உன் படத்தை விடுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவள் எல்லாம் சிரித்துவிட்டுப் போகிறாள். உன் சிரிப்பு அப்படி.

ஒன்று கேட்கிறேன். என் படத்துக்கும் ஒரு புகார்க் கடிதம் எழுதித் தருவாயா? எனக்கும் என் அசல் வேண்டும்.

அக்கா


கல்லல்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். மாங்காய் வந்துவிட்டது, உனக்கென்று ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆவணியில் அடுக்களையில் பணியாரம் ஊற்றியது நான்தானே. அவர்கள் சொன்னது எனக்கும் கேட்டது. நீ அழாமல் தட்டைக் கழுவியதையும் பார்த்தேன். அப்போது உனக்காகப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் இப்போது உன்னைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

உனக்காகப் புகார் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதிவிட்டு, என்னென்ன மாறியது என்று எழுத உன் முகத்தை நினைத்தேன். இடது புருவத்தில் சின்ன வயதில் ஊஞ்சல் பட்ட தழும்பு. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் விழும் குழி. வெயிலில் போனால் மூக்கு மட்டும் கறுப்பது. பக்கம் நிறைந்துவிட்டது. அதை மடித்து வைத்துவிட்டு, பஸ் ஏறி நேரிலேயே போய்விட்டேன்!

"வாம்மா ஸ்கேலு, இப்ப எந்தக் கதவு கோணிப்போச்சு?" என்றார் கருத்தையா அண்ணன்.

"எங்க அக்கா" என்றேன்.

ஜனனி தேடினாள். போன ஆவணி அசல் ஐப்பசியிலேயே அழிந்துவிட்டதாம் அக்கா. மாற்றிய படம்தான் இருக்கிறது. அதிலிருந்து பழைய முகத்தைத் திரும்ப எடுக்க முடியாதாம். மழுக்கியது மழுக்கியதுதான், தள்ளியது தள்ளியதுதான்.

எனக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. அசல் எங்கே போய்விட்டது? திருச்சியில் விடுதிச் சாம்பாரைத் திட்டிக்கொண்டு இருக்கிறதே!

"லீவுக்கு எங்க அக்கா வருது. நெற்குப்பைக்கு வந்து மறுபடி எடுத்துத் தாங்க. இந்தத் தடவை எடிட்டிங்ல பக்கத்துல நாந்தேன் உக்காருவேன். பருவைத் தவிர ஒண்ணுத்துலயும் கை வைக்கக் கூடாது" என்றேன். கடையில் ஆள் நிறைய இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"காசு?" என்றார்.

"கோணலா எடுத்ததுக்கு நீங்கதான் தரணும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தேதி கேட்டார்.

சீக்கிரம் வா அக்கா. அப்பா அந்தக் கதவுக்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்.

உன்,
வள்ளிக்கண்ணு